சிகரெட்டை விட்ட பிறகு இருமல் ஏன் கூடுகிறது, எப்போது அடங்கும்?

கேள்வி: "வயது 38, ஆண். 16 வருடமாகத் தினம் பத்துப் பன்னிரண்டு சிகரெட். விட்டு ஆறு வாரம் ஆகிறது. பிடித்த காலத்தில் காலையில் லேசாகச் செருமுவதோடு சரி. இப்போதுதான் நாள் முழுக்க இருமல், சளி. 'சிலியா மறுபடி முளைக்குது, நல்லதுதான்' என்கிறார்கள். உண்மையா? எப்போது நிற்கும்? நுரையீரல் பழையபடி ஆகுமா?"

சிலியா என்பவை மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள். அவை முளைக்கிற கதை பாதி உண்மை. ஆனால் ஆறாவது வாரத்து இருமலுக்கு அதை மட்டும் காரணமாகச் சொன்னால் பொருந்தவில்லை. உங்கள் இருமல் நரம்புகள் விழித்துக்கொண்டுவிட்டன, சளி உற்பத்தியோ இன்னும் குறையவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம். நான் சுவாச உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். நுரையீரல் செயல்பாட்டுச் சோதனைக்கூடத்தில் புகையை விட்டவர்களைப் பல வருடங்களாகப் பார்த்தும் வருகிறேன். உங்களை நேரில் சோதித்தவன் இல்லை, அதனால் உடலில் பொதுவாக நடப்பதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஆரோக்கியமான மூச்சுக்குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அதன் உட்சுவரில் பெரும்பகுதி சிலியா உள்ள செல்கள்தான். ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஏறத்தாழ 200 நுண்மயிர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் நீளமும் ஐந்து முதல் ஏழு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவை விநாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட தடவை ஒரே திசையில், தொண்டையை நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. வீசுவதற்கு வசதியாக அவற்றைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதற்கு மேலே பசைபோல் சளிப்படலம் மிதக்கும். உள்ளே வந்த தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, சிலியா அதைக் கன்வேயர் பெல்ட் மாதிரி மேலே நகர்த்துகிறது. மூச்சுக்குழலில் இந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர். கிளை பிரியும் இடத்திலிருந்து குரல்வளை வரை பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், ஆகவே இருபது இருபத்தைந்து நிமிடத்தில் சளி தொண்டைக்கு வந்துவிடும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இருமல் வேண்டியதே இல்லை.

புகை இந்த ஏற்பாட்டை ஒரே இடத்தில் அடிப்பதில்லை. புகையிலுள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவை சிலியாவின் வீச்சை நேரடியாக மந்தமாக்குகின்றன. நாள்பட்ட புகையில் சிலியாவின் நீளமும் குறைகிறது. ஆனால் 'எல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது' என்று பலர் கற்பனை செய்கிற அளவுக்கு இல்லை. புகைப்பவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த செல்களில் அளந்து பார்த்தபோது சராசரிக் குறைவு பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நீர்ப்படலத்தின் உயரமும் சிலியாவின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நுனி மட்டும்தான் மேலே உள்ள சளியைத் தொட்டுத் தள்ளுகிறது. அந்த நுனி குறைந்தால் பிடிப்பு போய்விடும். இதுபோக, அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிலியா செல்களே இல்லாமல் போய், தோல் போன்ற தட்டையான செல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் திட்டின் மேல் சளி நகராது.

இன்னொரு பக்கம், சளி சுரக்கிற கோப்லெட் செல்கள் பெருகுகின்றன, சுவருக்கு அடியிலுள்ள சளிச் சுரப்பிகள் வீங்குகின்றன. சளியின் தரமும் மாறுகிறது. நல்ல சளியில் 97 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை வெளியே இழுப்பது குளோரைடு அயனிகள். அவை வெளியேறும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரத வாயிலைப் புகை அடைக்கிறது. சளி காய்ந்து கெட்டிப்படுகிறது. ஆக நீளம் குறைந்த சிலியா, கூடுதலான சளி, அதுவும் கெட்டியான சளி. காலையில் செருமியது இதனால்தான். தூக்கத்தில் இருமல் அனிச்சை பெரிதும் அடங்கியிருக்கும், சளி நகர்வதும் மெதுவாகும், இரவெல்லாம் சேர்ந்தது எழுந்ததும் வெளியே வரும். 'ராத்திரி புகை இல்லாததால் சிலியா விழித்துக்கொள்கிறது, அதான் காலையில் இருமல்' என்று ஒரு விளக்கம் உலவுகிறது. சொல்ல அழகாக இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கும் நல்ல அளவீடுகளை நான் பார்த்ததில்லை.

இப்போது முளைக்கிற விஷயத்துக்கு வருவோம். இங்கே இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். சிலியா என்பது செல்லின் உறுப்பு. செல் உயிரோடு இருந்தால், குறைந்த நீளத்தை அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். அதற்கான புரதங்களைச் செல் எப்போதும் செய்து மேலே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. நச்சு நின்றதும் வீச்சு சீக்கிரமே தெளிகிறது. மூக்கிலும் இதே சிலியாதான் என்பதால் அங்கே எளிதாக அளக்கலாம். மூக்கினுள் சாக்கரின் துகள் ஒன்றை வைத்து, தொண்டையில் இனிப்புத் தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். புகைப்பவர்களுக்கு நேரம் பிடிக்கும். விட்டவர்களிடம் இரண்டு வாரத்திலேயே இது சரியாகத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுரையீரலுக்குள் சளி நகரும் வேகம் மேம்படச் சில மாதங்கள் ஆகின்றன.

இரண்டாவது வேலை, செல்லே இல்லாத திட்டுகளை நிரப்புவது. சுவரின் அடியில் அடித்தளச் செல்கள் என்று ஒரு வரிசை உண்டு. புதுச் செல்கள் பிறப்பது அங்கேதான். ஆய்வகத்தில் இவற்றை எடுத்து, கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் படும்படி வளர்த்தால், சிலியா வீசுகிற முழுச் செல்களாக மாறுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். இது எந்த இடைஞ்சலும் இல்லாத தட்டில். உங்கள் மூச்சுக்குழாயில் அழற்சி இன்னும் தணியாமல் இருக்கிறது. அழற்சி இருக்கும் வரை அடித்தளச் செல்கள் சிலியா செல்களாவதை விட்டுச் சளிச் செல்களாகும் பக்கமே சாய்கின்றன. எனவே திட்டுகள் மூடுவதை மாதக்கணக்கில்தான் எதிர்பார்க்க வேண்டும். மூடும் என்பதில் சந்தேகம் குறைவு. ஆஸ்கர் அவர்பாக் என்ற நோயியல் நிபுணரும் அவருடைய குழுவினரும், இறந்தவர்களின் மூச்சுக்குழாய்களை வரிசையாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து 1962-ல் வெளியிட்ட ஆய்வு, புகையை விட்டுப் பல வருடம் ஆனவர்களின் சுவரில் பிறழ்ந்த செல்கள் வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது.

சரி, இரண்டு வாரத்திலேயே சிலியா தெளிகிறது என்றால் இருமல் குறையத்தானே வேண்டும், ஏன் கூடியது? இங்கேதான் நரம்பு வருகிறது. மூச்சுக்குழாயின் சுவரில் இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டி முகரவைத்து, எந்த அளவில் இருமல் வருகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. ஆரோக்கியமாக இருக்கிற புகைப்பவர்களுக்கு இருமல் வர, புகைக்காதவர்களைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. அதாவது அவர்களின் இருமல் அனிச்சை மழுங்கியிருக்கிறது. நீண்டகாலப் பழக்கத்தை விட்டவர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது, இரண்டே வாரத்தில் உணர்திறன் கூடியிருந்தது. சிறிய ஆய்வுகள்தான், ஆனாலும் திசை ஒன்றுபோலவே இருக்கிறது. இந்த மழுங்கலில் நிகோட்டினுக்கும் பங்கு உண்டு.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். 16 வருடமாகக் கெட்டிச் சளி உள்ளேதான் இருந்தது. அதை உணரவேண்டிய நரம்பு மழுங்கியிருந்ததால் செருமலோடு போயிற்று. இரண்டாம் வாரம் நரம்பு தெளிந்தது. சிலியாவும் ஓரளவு தெளிந்து, சின்னக் குழாய்களிலிருந்து சளியைப் பெரிய குழாய்களுக்குக் கொண்டுவருகிறது. பெரிய குழாய்களில்தான் இருமல் நரம்புகள் அடர்த்தி. ஆனால் சளி சுரக்கும் செல்களின் எண்ணிக்கை ஆறு வாரத்தில் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே புதிதாக ஏதோ கெட்டுப்போனதால் இருமவில்லை, பழைய சளிக்கு இப்போது இருமுகிறீர்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: விட்டவர்கள் எல்லோருக்கும் இருமல் கூடுவதில்லை. பலருக்கு முதல் மாதத்திலேயே குறைந்துவிடுகிறது. கூடவில்லையே, அப்படியானால் எனக்கு ஆறவில்லையா என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சளிச் செல்கள்தான். ஒவ்வொன்றாக ஆயுள் முடிந்து போக, அந்த இடத்தில் சிலியா செல்கள் வரவேண்டும், சுரப்பிகளும் சுருங்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980-களின் பிற்பாதியில் தொடங்கிய 'நுரையீரல் நல ஆய்வு' லேசான மூச்சுக்குழாய் அடைப்பு இருந்த 5,887 புகைப்பவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. விட்டவர்களில் இருமலும் சளியும் தெளிவாகக் குறைந்தன. அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே நிகழ்ந்தது. நான் சோதனைக்கூடத்தில் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்: முதல் சில வாரம் ஏறும், மூன்றாம் மாதத்தை ஒட்டி இறங்கத் தொடங்கும், ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் காலை நேரச் செருமலாகச் சுருங்கும் அல்லது நின்றே போகும். இதில் மாத எண்கள் என் அனுபவம், ஆளுக்கு ஆள் மாறும். முதல் வருடத்தில் குறையும் என்பது ஆய்வு சொல்வது. நடுவில் ஒரு வைரஸ் சளி பிடித்தால் இரண்டு மூன்று வாரம் பின்னால் போகும், அதை வைத்து எல்லாம் வீணாயிற்று என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெளியே வரும் சளியில் 'பழைய தார் கழுவிக்கொண்டு போகிறது' என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓரளவு பழுப்பு நிறம் முதல் வாரங்களில் வரலாம். ஆனால் நுரையீரலின் கருமையில் பெரும்பங்கு காற்று நுண்ணறைகளில் இருக்கிறது. அங்கே சிலியாவே கிடையாது. அங்குள்ள விழுங்கு செல்கள் துகள்களைத் தின்று வைத்திருக்கும். விட்டுப் பல வருடம் கழித்தும் அந்த நிறம் நுண்ணோக்கியில் தெரியும். இருமி இருமி அதை வெளியேற்ற முடியாது, வெளியேற்றவேண்டிய அவசரமும் இல்லை. 'நுரையீரலைச் சுத்தப்படுத்தும்' மாத்திரை, பானம் எதுவும் மேலே சொன்ன செல் மாற்றத்தை வேகப்படுத்துவதாக ஆதாரம் இல்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாகவே இருங்கள்: பீட்டா கரோட்டின் மாத்திரை. ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. நல்லது என்று நினைத்துக் கொடுத்ததுதான்.

பழையபடி ஆகுமா என்ற கேள்விக்கு, குழாய்க்கு ஒரு பதில், நுண்ணறைக்கு வேறொரு பதில். குழாயின் உட்சுவர் புதுப்பித்துக்கொள்ளும் திசு, அது நிறையத் திரும்பும். காற்று நுண்ணறைகளின் சுவர் சிதைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வெற்றறைகளாகிவிட்டால், அதாவது எம்ஃபிசீமா வந்துவிட்டால், வளர்ந்த மனிதரிடம் அது திரும்பக் கட்டப்படுவதில்லை. விட்டால் சிதைவின் வேகம் குறையும், போனது போனதுதான்.

இதை எண்ணில் பார்க்க ஸ்பைரோமெட்ரி சோதனையில் வரும் எஃப்.இ.வி.1 உதவும். முழுக்க மூச்சிழுத்து வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு அது. வயதோடு எல்லோருக்கும் இது குறையும். மேற்சொன்ன நுரையீரல் நல ஆய்வில் 11 வருடம் பின்தொடர்ந்தபோது, விட்ட ஆண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைந்தது. தொடர்ந்து புகைத்த ஆண்களுக்குச் சுமார் 66. உங்களுக்கு இப்போது 3.2 லிட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இந்த வேகங்களே நீடித்தால் 58 வயதில், விட்டிருந்தால் 600 மில்லி குறைந்து 2.6 லிட்டர். தொடர்ந்திருந்தால் 1,320 மில்லி குறைந்து 1.9 லிட்டருக்குச் சற்றுக் கீழே. முதல் எண்ணில் மாடிப்படி ஏறலாம். இரண்டாவதில் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டிவரலாம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கனவே லேசான அடைப்பு உள்ளவர்கள். புகைக்கும் எல்லோருக்கும் இவ்வளவு வேகமாகக் குறைவதில்லை, ஆகவே இதை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விட்ட முதல் வருடத்தில் எஃப்.இ.வி.1 கொஞ்சம் ஏறவும் செய்யும், குழாய்ச் சுவரின் வீக்கம் வடிவதால். ஆனால் அந்த ஏற்றம் சில பத்து மில்லிலிட்டர்தான், கருவிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. 'மூச்சு லேசாகிவிட்டது' என்று பலர் முதல் வாரத்திலேயே சொல்வதற்குக் காரணம் வேறு. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துவைத்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது.

செல் அளவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூச்சுக்குழாய்ச் செல்களின் மரபணுவை ஒவ்வொரு செல்லாக ஆராய்ந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. புகைப்பவர்களின் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகள் இருந்தன. ஆனால் விட்டவர்களிடம், புகைக்காதவர்களுக்கு நிகரான, கிட்டத்தட்டப் பிழையற்ற செல்கள் நான்கு மடங்கு அதிகமாக இருந்தன. பிழைகள் திருத்தப்பட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கோ தப்பித்து ஒதுங்கியிருந்த அடித்தளச் செல்கள் பெருகி, சுவரை மறுபடி பிடித்திருக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் ஊகம். பழுதான செல்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. புற்றுநோய் அபாயம் வருடங்களில் பாதியாகக் குறைந்தாலும், புகைக்கவே இல்லாதவரின் அளவுக்கு வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இருமலைச் 'சிலியா வேலை' என்று விட்டுவிடக் கூடாத நேரங்களும் இருக்கின்றன. இந்த விளக்கத்தின் ஆபத்தே அதுதான், எந்த இருமலையும் இதற்குள் அடக்கிவிடலாம். சளியில் ரத்தக் கீற்று, காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காசநோயும் புற்றுநோயும் நீங்கள் விட்ட தேதியைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. எதுவுமே இல்லாவிட்டாலும், எட்டு வாரத்தைத் தாண்டி இருமல் குறையாமல் இருந்தால் அது நாள்பட்ட இருமல் என்ற வகைக்குள் வந்துவிடும். நீங்கள் ஆறாவது வாரத்தில் இருக்கிறீர்கள், இன்னும் இரண்டு வாரம்தான். ஒரு மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவற்றில் ஒரு வகை வறட்டு இருமலைத் தரும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடிவது, இதுவரை புகை மூடி மறைத்த ஆஸ்துமா, நெஞ்செரிச்சல் ஆகியவற்றையும் மருத்துவர் கேட்பார்.

வீட்டில் பார்க்க ஒன்றே போதும். காலையில் முதல் அரை மணி நேரத்தில் சளி எவ்வளவு வருகிறது, எந்த நிறம் என்று வாரத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். நாளுக்கு நாள் ஏறி இறங்குவதில் அர்த்தம் தேடாதீர்கள். நான்கு வாரக் குறிப்பை அடுத்த நான்கு வாரத்தோடு வைத்துப் பார்த்தால் திசை தெரியும். சளி வந்துகொண்டிருக்கும்போது இருமலை அடக்கும் சிரப்பை நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம். ஸ்பைரோமெட்ரி எடுக்கும்போது, குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் ஒருமுறை ஊதச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது ஊதலில் எஃப்.இ.வி.1-ஐ, முழுக்க ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்றால் வகுத்து வரும் எண் 0.70-க்குக் கீழே இருந்தால், சளியோடு முடியாத அடைப்பு இருக்கிறது என்று பொருள். அதற்குத் தனி மருத்துவம் உண்டு. மேலே இருந்தால் இந்த இருமலுக்கு நான் சொன்ன விளக்கம் இன்னும் கொஞ்சம் வலுப்பெறும், அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து இன்னொருமுறை ஊதி ஒப்பிடலாம்.